விலை ஏறுகிறது, ஓப்பன் இன்ட்ரஸ்ட் இறங்குகிறது: தங்க ஃபியூச்சர்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: எம்சிஎக்ஸ் தங்கம் ஒரே நாளில் 900 ரூபாய் ஏறியது, வால்யூமும் அதிகம். இந்த ஏற்றத்தை நம்பி வாங்கலாமா?

பதில்: அன்றைய ஓப்பன் இன்ட்ரஸ்ட்டையும் பார்த்தீர்களா? வால்யூம் என்பது அன்று கைமாறிய லாட்டுகள். பழைய கணக்கை முடித்தவரும் புதிதாக வந்தவரும் அதில் கலந்தே இருப்பார்கள். ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்பது நாள் முடிவில் இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் லாட்டுகள்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வழக்கமாக 6,000 லாட் நடக்கும் இடத்தில் அன்று 9,000 நடந்தது. ஓப்பன் இன்ட்ரஸ்ட் 15,000-லிருந்து 13,800 ஆனது என்றால், நிகரமாக 1,200 லாட் சந்தையை விட்டு வெளியேறியிருக்கிறது. விலையும் ஏறியிருப்பதால், விற்று வைத்திருந்தவர்கள் நஷ்டத்துக்குப் பயந்து திருப்பி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இதுதான் ஷார்ட் கவரிங். அவர்கள் வாங்கி முடித்ததும் வேகம் தணிந்துவிடலாம். அதே 9,000 வால்யூமில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் 16,000-க்குப் போயிருந்தால் கதை வேறு: இந்த விலையிலும் புதுப் பணம் உள்ளே வருகிறது. நானாக இருந்தால், முதல் வகை ஏற்றத்தில் புதிதாக வாங்க மாட்டேன். அடுத்த ஓரிரு நாளில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் கூடுகிறதா என்று பார்ப்பேன்.

கேள்வி: மாதக் கடைசியில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் மளமளவென்று சரிகிறதே, எல்லோரும் ஓடுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. எம்சிஎக்ஸின் ஒரு கிலோ தங்க கான்ட்ராக்ட் பொதுவாக அந்தந்த மாதம் 5-ஆம் தேதி வாக்கில் முடிகிறது. டெலிவரி வேண்டாதவர்கள் அதற்கு முன்பே அடுத்த கான்ட்ராக்ட்டுக்கு மாறிவிடுவார்கள். உதாரணமாக, ஜூன் கான்ட்ராக்ட்டில் 12,000 லாட் 8,000 ஆகி, ஆகஸ்ட் கான்ட்ராக்ட்டில் 5,000 லாட் 9,200 ஆனால் மொத்தம் 17,000-லிருந்து 17,200. யாரும் ஓடவில்லை, இடம்தான் மாறினார்கள். அதனால் எல்லா மாதங்களையும் கூட்டிப் பாருங்கள். இப்படி இடம் மாறும் ரோல்ஓவர் நாட்களில் வால்யூமும் இதனாலேயே ஊதிப் பெருகும், அதை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: விலை இறங்கி, ஓப்பன் இன்ட்ரஸ்ட் ஏறினால் கட்டாயம் இன்னும் இறங்குமா?

பதில்: கட்டாயம் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு லாட்டிலும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். புது விற்பனையாளர்கள் அழுத்துகிறார்கள் என்பது ஊகம்தான். விற்றவர், விலை இறங்கினால் கையிருப்புத் தங்கத்தில் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட ஹெட்ஜ் செய்யும் வியாபாரியாகவும் இருக்கலாம்.

இன்னொன்று: நம் விலையில் டாலர் மதிப்பும் இறக்குமதி வரியும் சேர்ந்திருக்கின்றன. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வரி 15-லிருந்து 6 சதவீதமானபோது எம்சிஎக்ஸ் விலை சடாரென விழுந்தது. அது வரியின் கணக்கு. அன்றைய எண்களை வைத்து உலகத் தங்கத்தின் போக்கைப் படிக்க முடியாது. சந்தேகம் வந்தால் நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையையும் பாருங்கள், ஆனால் அங்கே இறுதி ஓப்பன் இன்ட்ரஸ்ட் மறுநாள்தான் வரும்.