நண்பன் வீடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் எழுதிய ஒரு சிறுகதையை அனுப்பியிருக்கிறேன். இராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்த ஒருவர், இப்போது மதுரையில் இருக்கும் பெரியவர், 1968இல் பள்ளித் தோழன் எழுதிய இன்லேண்ட் கடிதத்தோடு கீழக்கரைக்குப் போகிறார். கடிதத்தில் '14, நடுத்தெரு, கீழக்கரை – 623517' என்று இருக்கிறது. ஆட்டோக்காரர் அதைச் செல்போனில் தட்டி நேராக வாசலில் இறக்கிவிடுகிறார். இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் நண்பர் இருக்கிறார், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. இன்னொன்றில் போன வருடமே இறந்துவிட்டார். எது நல்ல முடிவு? நடுவில் தனுஷ்கோடிப் புயல் நினைவாக வருகிறது. அது இருக்கலாமா?

அன்புடன்,
க., மதுரை

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாகவே கீழக்கரையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு விடுதியில் படித்த ஒருவனின் தங்கை சமீபத்தில் காலமானார். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, இனி அவன் காலையில் எங்கே போவான் என்பதுதான். இது ஏன் அப்படித் தோன்றியது என்று உங்களுக்குப் புரிந்தால் உங்கள் கதையை நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். புரிய வைக்கத்தான் இந்தப் பதில்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. 1968 கடிதத்தில் 623517 இருக்க முடியாது. 'கீழக்கரை, இராமநாதபுரம் ஜில்லா' என்று இருந்திருக்கும், அவ்வளவுதான். பெரியவர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கிழக்கே கடலைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கீழக்கரையில் கடல் தெற்கே இருக்கிறது, அது மன்னார் வளைகுடா. கிழக்கே கடல் வேண்டுமானால் தேவிபட்டினத்துக்கோ தொண்டிக்கோ போங்கள். தனுஷ்கோடியை எடுத்துவிடுங்கள். இராமநாதபுரம் கடற்கரை என்றாலே எல்லோரும் அந்தப் புயலை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ரயிலோடு போன அத்தனை பேரையும் உங்கள் பெரியவரின் சோகத்துக்குப் பக்கவாத்தியமாக வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்காக ஒரு கதை எழுதத் தோன்றினால் தனியாக எழுதுங்கள்.

அந்த ஆட்டோவையும் செல்போனையும் எடுத்துவிடுங்கள். வீட்டைத் தேடுவதுதான் உங்கள் கதை. அதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு முடிவு எது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கதையில் நண்பரின் மருமகள் காபித் தம்ளரோடு வருகிறாள். தம்பி, அந்த மருமகள் யார்? அந்த வீட்டில் அவள் எப்படி வந்தாள்?

கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில் காலங்காலமாக உள்ள வழக்கம், கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு. இரண்டு மகள்கள் இருந்தால் வீட்டைப் பகுத்துக் கொடுப்பார்கள், வசதி உள்ளவர்கள் பக்கத்திலேயே இன்னொன்று கட்டுவார்கள். ஆண்கள் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வியாபாரத்துக்குப் போய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வெளியே இருந்த ஊர் அது. சங்கை அறுத்து வளையல் செய்கிறவர்கள் வங்காளத்தில் இருந்தார்கள், சங்கு இந்தக் கடலில் கிடைத்தது. வியாபாரம் ஆண்களை அங்கே கொண்டுபோனது. கட்டியவன் சபர் போயிருக்கும்போது பெண் தன் தாயோடும் தங்கைகளோடும் தன் வீட்டிலேயே இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இப்போது தனிக்குடித்தனம் போகிறவர்களும் உண்டு. ஆனால் உங்கள் பெரியவரின் வயதில் உள்ளவர் கீழக்கரையில் கல்யாணம் செய்திருந்தால், பெண்டாட்டி வீட்டில்தான் குடியிருப்பார். மகன் இருந்தால் அவனும் அவன் பெண்டாட்டி வீட்டில். உங்கள் மருமகள் தன் உம்மா வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள், அவளை விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் 1968 கடிதத்தில் உள்ள முகவரி என்ன? அது உங்கள் நண்பரின் வீடு இல்லை. அவருடைய உம்மாவின் வீடு. அவர் அங்கே பிறந்தார், கல்யாணம் வரை இருந்தார், பிறகு வேறு தெருவுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது இருப்பது அவருடைய தங்கையும் தங்கையின் மகள்களும். அந்த மகள்களின் மாப்பிள்ளைகளும் இருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு மாமாவின் பள்ளித் தோழனைப் பற்றி என்ன தெரியும்?

நான் ஒருமுறை பெருநாளுக்கு அந்த விடுதித் தோழன் கூடப் போயிருந்தேன். மறுநாள் காலை நாங்கள் எழுந்திருக்கும்போது அவன் வாப்பா வீட்டில் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். தினமும் அப்படித்தான், அங்கே போய்க் குடித்துவிட்டுத்தான் கடை திறப்பார் என்றான். பெண்டாட்டி வீட்டில் தேத்தண்ணி இல்லாமலா? அது வேறு. எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் இளக்காரம். மாமனார் வீட்டுச் சோறு தின்கிறவன் என்பார்கள். அங்கே அது யாருக்கும் குறைவு இல்லை. வீடு மகள்களின் வழியாகப் போகிறது, மகன்கள் காலையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

பல வருடம் கழித்து அவன் எழுதிய பழைய கார்டை வைத்துக்கொண்டு நான் போனபோது அதே வீடுதான் எனக்குத் தெரிந்த வீடு. ஆனால் முதலில் அதையே கண்டுபிடிக்க முடியவில்லை. கதவு எண்ணை மாற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயரைச் சொல்லிக் கேட்டேன். சதக்கத்துல்லா அப்பா என்ற இறைநேசர் அடங்கியிருக்கும் ஊர் அது. அவர் பெயரை வைத்த பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டு. டீக்கடையில் இருந்தவர் "எந்த சதக்கத்துல்லா? என்ன வீட்டுக்காரக?" என்று கேட்டார். அவர் கேட்டது கதவு எண்ணை இல்லை. குடும்பத்துக்கு ஊரில் வழங்கும் பட்டப்பெயரை. அது எனக்குத் தெரியாது. விடுதியில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கடைசியில் அவன் வாப்பாவின் சங்குக்கடை இருந்த இடத்தைச் சொல்லித்தான் அவர்களுக்குப் பிடிபட்டது.

இதை அப்படியே உங்கள் பெரியவருக்குக் கொடுங்கள். அவர் கையில் இருக்கும் கடிதத்தில் முகவரியைத் தவிர உங்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அது ஒரு முழுக் கடிதம் தம்பி. மேலே நடுவில் 786 என்று போட்டிருக்கும். உள்ளே என்ன எழுதியிருந்தான்? ஒரு வரி வையுங்கள்: 'தங்கச்சிக்கு நிக்காஹ் முடிந்தது, மச்சான் நம் வீட்டோடு வந்துவிட்டார்.' மதுரைக்காரரான உங்கள் பெரியவர் அந்த வரியை இளம் வயதில் படித்தபோது நண்பன் குடும்பத்துக்கு ஏதோ இறக்கம் என்று நினைத்து, அதைப் பற்றிக் கேட்காமலே பதில் எழுதியிருப்பார். ஐம்பது வருடத்துக்கு மேல் தப்பாகவே படித்த வரி. அந்தத் தெருவில் நின்று, நண்பன் இங்கே இல்லை, தங்கைதான் இருக்கிறாள் என்று தெரியும்போதுதான் அது அவருக்கு விளங்கும். அங்கே அவரை ஒரு நிமிடம் நிற்கவிடுங்கள்.

தபால் முத்திரையையும் பாருங்கள். முகவரி கீழக்கரை என்று இருந்து, முத்திரை சென்னையின் மண்ணடியாக இருந்தால், எழுதும்போதே நண்பன் வியாபாரத்துக்குப் போய்விட்டான் என்று பொருள். முத்திரை எங்கே போட்டார்களோ அங்கே அவன் இருந்தான். முகவரிக்கு ஊரை எழுதியிருக்கிறான், ஏனென்றால் பதில் எப்போது வந்தாலும் உம்மா வாங்கி வைப்பாள். கடை மாறும், அறை மாறும், உம்மா வீடு மாறாது.

சரி, கதவைத் தட்டுகிறார். நீங்கள் எழுதியதுபோல் யாரும் ஓடிவந்து கட்டிப்பிடிக்க மாட்டார்கள். வீட்டில் அந்நேரம் ஆண்கள் இல்லை என்றால் கதவு பாதிதான் திறக்கும். திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் யார் என்று கேட்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. பெயரைச் சொன்னேன், விடுதியைச் சொன்னேன், பெருநாளுக்கு வந்ததைச் சொன்னேன். உள்ளே கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "காக்கா காலைல தேத்தண்ணிக்கு வருவாக. இப்ப அவுக வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புறேன். திண்ணையில உக்காருங்க" என்றது குரல். காக்கா என்றால் அண்ணன். அரை மணி நேரத்தில் அவன் வந்தான். தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று வழியில் மீன் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். நான் உட்கார்ந்திருக்கிறேன், அவன் முதலில் மீனை உள்ளே கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான். எனக்குக் கோபமே வரவில்லை.

ஆக, அந்த முகவரி அவன் குடியிருக்கும் இடம் இல்லை. ஆனால் அவனைப் பிடிக்கக்கூடிய இடம் அதுதான். பெண்டாட்டி வீட்டு முகவரி உங்கள் பெரியவரிடம் இருந்தால்கூட, அங்கே ஒரு மாப்பிள்ளையைத்தான் பார்ப்பார். பள்ளிக்கூடத்துப் பையனைப் பார்க்க இந்தத் திண்ணைக்குத்தான் வரவேண்டும்.

முடிவைக் கேட்டிருந்தீர்கள். இறந்துபோனார் என்றால் தங்கை அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவாள், அதற்குமேல் பெரியவர் அங்கே உட்கார ஒரு காரணமும் இல்லை, கதையும் நின்றுவிடும். முதல் முடிவை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இப்படி: யாரையும் தெரியாமல் போனபிறகும் அந்த மனிதர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வழி தவறக்கூடாது என்று பேரன் ஒருவன் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறான். நினைவு போகிறவர்களிடம் பழக்கங்கள் அப்படிக் கடைசிவரை தங்குவதை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். தங்கை இரண்டு தம்ளர் தேத்தண்ணி அனுப்புவாள். அவர் பெரியவரை யாரென்று கேட்கவேண்டாம், பெரியவரும் சொல்லவேண்டாம். அழுகை ஒரு சொட்டு வந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்புவதற்கு முன் கீழக்கரைக்காரர் யாராவது ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று உங்கள் ஆட்கள் பேசுகிறார்கள். வாப்பா, உம்மா, காக்கா, லாத்தா என்று பேசும் வீடு அது. திரைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தங்கையின் முகம் கதையில் வரப்போவதில்லை, குரல் மட்டும்தான் வரும். அந்தக் குரல் மதுரைக் குரலாக இருந்தால் நான் படிக்க மாட்டேன்.

அன்புடன்