சம்பள நாள் வியாபாரமும் சாதாரண நாள் வியாபாரமும்

அன்புள்ள அண்ணே,

நானும் சுங்கை சிப்புட்காரன்தான். அம்மாவின் வீட்டை விற்றதில் என் பங்காக 40,000 ரிங்கிட் வந்திருக்கிறது. செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சிறிய கம்பெனியின் பங்கு 80 சென்னில் கிடைக்கிறது. கடன் இல்லாத கம்பெனி. மொத்தத்தையும் அதில் போட நினைக்கிறேன். ஒரு நாளில் நடக்கும் வியாபாரத்தில் சிறு பங்குக்கு மேல் ஒரு கம்பெனியில் போடக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பங்கில் கடந்த 20 நாளில் சராசரியாக ஒரு நாளைக்கு 90,000 ரிங்கிட்டுக்கு வியாபாரம் நடந்திருக்கிறது. என் பணம் அதில் பாதிகூட இல்லையே. வேண்டும்போது ஒரே நாளில் விற்றுவிட முடியாதா?

கு., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய 20 நாள் கணக்கை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அதில் 18 நாள் வியாபாரம் 25,000 ரிங்கிட்டை ஒட்டியே இருக்கிறது. மீதி இரண்டு நாளில் மட்டும் சேர்த்து 13,50,000 ரிங்கிட். கம்பெனி நிலத்தை விற்கப்போகிறது என்று பேச்சு வந்த நாட்களாம் அவை. 20 நாளின் மொத்தம் 18,00,000. அதை 20-ஆல் வகுத்தால் உங்கள் 90,000 வந்துவிடுகிறது. கணக்கில் தப்பில்லை. ஆனால் 90,000 ரிங்கிட்டுக்கு வியாபாரம் நடந்த நாள் என்று அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் அப்பா தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். மாதத்தில் இரண்டு நாள், சம்பளம் போடும் நாளும் முன்பணம் கொடுக்கும் நாளும், கடையில் நிற்க இடம் இருக்காது. மற்ற நாளில் சீனி, உப்பு, தீப்பெட்டி போகும், அவ்வளவுதான். மீன் எடுக்கும்போது அவர் மாத சராசரியைப் பார்க்கவே மாட்டார். சாதாரண செவ்வாய்க்கிழமையில் எத்தனை கிலோ போகும் என்றுதான் பார்ப்பார். நீங்கள் பங்கை விற்க வேண்டிய நாளும் பெரும்பாலும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையாகத்தான் இருக்கும்.

அதனால் சராசரிக்குப் பதிலாக நடு எண்ணை எடுங்கள். 60 வியாபார நாளின் மதிப்பைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பதுதான் அது. ஒரு பங்குகூடக் கைமாறாத நாளையும் பூஜ்யமாகச் சேர்க்க வேண்டும், விட்டுவிடக்கூடாது. இரண்டு தரப்பு தங்களுக்குள் விலை பேசி மொத்தமாக மாற்றிக்கொள்ளும் டைரக்ட் பிஸினஸ் கணக்கைச் சேர்க்காதீர்கள். அந்த வாங்குபவர் உங்களிடம் வாங்க வரப்போவதில்லை. பங்கின் எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 5 சென் பங்கு பத்து லட்சம் கைமாறினாலும் மதிப்பு 50,000 ரிங்கிட்தான். ஒவ்வொரு நாளின் முடிவு விலையை அன்றைய எண்ணிக்கையால் பெருக்கி எக்செல் தாளில் ஒரு பத்தியில் போட்டுவிட்டால் போதும். மதிப்பு F பத்தியில் இருந்தால், நான் வைத்திருக்கும் வரம்பு இதுதான்:

```
=MEDIAN(F2:F61)*0.1
```

நடு நாளின் பத்தில் ஒரு பங்கு. உங்கள் பங்கில் நடு எண் 25,000 என்றால் வரம்பு 2,500 ரிங்கிட். 80 சென்னில் 31 லாட், அதாவது 3,100 பங்கு. 40,000 எங்கே, 2,500 எங்கே என்று உங்களுக்குக் கோபம் வரும். ஏன் இவ்வளவு குறைவு என்பதைத் திரையிலேயே காட்டுகிறேன்.

ஒரு சாதாரண நாள் காலை பத்து மணி. உங்களிடம் 50,000 பங்கு, அதாவது 500 லாட் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு ரிங்கிட்டுக்குக் கீழுள்ள பங்கின் விலை அரை சென்னாக நகரும். வாங்குவோர் வரிசையில் 80 சென்னில் 30 லாட், 79.5-இல் 50, அப்புறம் இடையில் ஆளே இல்லாமல் 78.5-இல் 40, 77.5-இல் 50, 75-இல் 80 லாட் நிற்கிறது. எல்லாம் சேர்த்து 250 லாட். நீங்கள் வரிசை முழுவதற்கும் விற்றால் கையில் வருவது 19,390 ரிங்கிட். 80 சென்படி 20,000 வந்திருக்க வேண்டும். 610 போனது, சுமார் 3 விழுக்காடு. அது பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இன்னும் 250 லாட் கையில் இருக்கிறது, கடைசி விலை 75 சென் என்று எல்லோர் திரையிலும் விழுந்துவிட்டது, கீழே வாங்க ஆள் இல்லை. விலை உடைகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்த வேறு ஒருவரும் உங்களுக்கு முன்னால் விற்கப் பார்ப்பார். விலையை இறக்கியது நீங்களே, அதற்குப் பலியாவதும் நீங்களே.

சரி, மெல்ல விற்கலாமே என்பீர்கள். அன்றைய வியாபாரத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் நம்முடையதாக இல்லாவிட்டால் விலை அதிகம் அசையாது என்பது என் அனுபவம். அப்படி நாளுக்கு 2,500 ரிங்கிட் என்று விற்றால் 40,000-க்கு 16 வியாபார நாள், மூன்று வாரத்துக்கு மேல். உங்கள் தரகர் ஒரு நாளைக்குக் குறைந்தது 8 ரிங்கிட் கட்டணம் பிடிப்பார் என்று வைத்தால், அதற்கே 128 ரிங்கிட். அந்த மூன்று வாரத்தில் விலை எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இப்படி ஒரு பங்கை விற்கப் போனேன். வாங்கும்போது எனக்கு ஒரு தொல்லையும் இருக்கவில்லை. ஒன்றிரண்டு லாட்டாக ஆறு மாதம் சேர்த்தது. விற்கப் போன வாரத்தில் காலாண்டுக் கணக்கு மோசமாக வந்திருந்தது. நடு நாளின் மதிப்பு என்று நான் எழுதி வைத்திருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அந்த வாரம் நடக்கவில்லை. கடைசி லாட்டை விற்று முடிக்க ஐந்து வாரம் ஆனது. கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினேன். நமக்கு அவசரம் வரும் நாளில் வாங்குபவர்களும் ஒதுங்கிவிடுவார்கள் என்பதால்தான் பத்தில் ஒன்று என்று இறுக்கமாக வைத்திருக்கிறேன். வியாபாரம் பாதியாகக் குறைந்தாலும் அப்போது நாம் ஐந்தில் ஒன்றுதான். இரண்டு நாளில் வெளியே வந்துவிடலாம்.

ஐந்து வருடம் தொடவே மாட்டேன் என்கிற பணமாக இருந்தால் வரம்பைத் தளர்த்தலாம். ஐந்து நாளில் விற்றால் போதும் என்று வைத்தால் 12,500 ரிங்கிட் வரை. அதற்கு மேல் நான் போக மாட்டேன். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கம்பெனியின் பங்கு வியாபாரமே நிறுத்தி வைக்கப்பட்டால் 31 லாட்டானாலும் 500 லாட்டானாலும் விற்க வழியில்லை. இந்த வரம்பு அதற்கு மருந்து இல்லை. அப்போது மாட்டிக்கொள்ளும் தொகை சிறியதாக இருக்கும், அவ்வளவுதான்.

கம்பெனி நல்லது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. 31 லாட் வாங்குங்கள். வாங்கும் நாளில் உங்கள் வியாபாரமும் கணக்கில் ஏறும் என்பதால், வாங்குவதற்கு முந்தைய 60 நாளை வைத்தே வரம்பைப் போடுங்கள். பிறகு மாதம் ஒரு முறை திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். நடு எண் உயர்ந்து அங்கேயே நின்றால் மேலும் வாங்கலாம். மீதி 37,500-ஐ வேறு கம்பெனிகளில் பிரிக்கும்போதும் ஒவ்வொன்றுக்கும் இதே கணக்குதான். 10,000 ரிங்கிட் போட வேண்டுமென்றால் அந்தப் பங்கின் நடு நாள் 1,00,000 ரிங்கிட்டாவது இருக்க வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மற்ற பங்குகளின் 60 நாள் கணக்கையும் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்