பாவாடை சட்டையை இரண்டு மொழியில் விற்பது: கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் குழந்தைகள் துணி தைத்து விற்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வேறு சரக்கு விற்பவர்கள் சிலரும் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: அக்கா, வீட்டிலேயே பட்டுப் பாவாடை செட் தைக்கிறேன். தமிழில் நன்றாக எழுதி வைத்திருக்கிறேன். அதை அப்படியே மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு இங்கிலீஷ் ஆக்கினால் போதும்தானே?

பாதி சரி. துணி துவைக்கும் முறை, அனுப்பும் நாள் மாதிரி நேரான வாக்கியங்களை ஆப் ஒழுங்காகவே மாற்றும். சிக்கல் வேறு இடத்தில். உங்கள் தமிழ் விவரத்தில் "4 வயதுக்கு" என்று மட்டும் இருக்கிறது. கொருக்குப்பேட்டை அம்மா அதைப் படித்துவிட்டுப் போன் போட்டு, "என் பொண்ணு கொஞ்சம் ஒசரம், பத்துமா?" என்று கேட்டுக்கொள்வார். டொராண்டோவில் இருப்பவர் கேட்க மாட்டார். வாங்கிவிட்டுச் சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார், அல்லது பேசாமல் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். தமிழில் இல்லாத அளவை எந்த ஆப்பும் இங்கிலீஷில் கொண்டுவராது.

அதனால் முதலில் டேப்பை எடுத்து, தைத்த உடுப்பைத் தரையில் விரித்து அளந்துகொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய அரக்கு நிற செட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழில் நான் இப்படி எழுதுவேன்:

"4 வயதுப் பெண் குழந்தைக்கு அரக்கு நிறப் பாவாடை சட்டை. பாவாடை உயரம் 24 அங்குலம். உள்ளே 2 அங்குலம் மடிப்பு விட்டிருக்கிறோம், பிரித்துவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் போடலாம். சட்டை மார்புச் சுற்றளவு 26 அங்குலம். துணி பாலியெஸ்டர், உள்ளே காட்டன் லைனிங், ஜரிகை குத்தாது."

இங்கிலீஷில் இது:

```
Pattu Pavadai Sattai Set for Girls, Long Skirt
and Blouse, Arakku Maroon, Child Height 104 cm
Skirt 61 cm + 5 cm let-down hem
Garment chest 66 cm
Outer: 100% polyester. Lining: 100% cotton
```

குழந்தையின் உயரம் இங்கிலீஷில் மட்டும் வருகிறது, காரணம் வெளிநாட்டில் குழந்தை உடுப்பை உயரம் பார்த்து வாங்கும் பழக்கம் உண்டு. மடிப்பைப் பிரித்துப் போடும் கதையை அங்கே நீட்டவில்லை. சட்டை என்பதை ஆப் "shirt" என்று மாற்றும், பார்ப்பவர் பையன் சட்டையும் சேர்ந்து வருகிறதோ என்று குழம்புவார். ஆக ஒவ்வொன்றும் தன் வாசகருக்காகத் தனியாக எழுதப்படுகிறது, அளவு மட்டும் இரண்டிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மார்புச் சுற்றளவு உடுப்பினுடையதா குழந்தையினுடையதா என்பதையும் சொல்லிவிடுங்கள். இந்தக் குழப்பத்தால் பார்சல் திரும்பி வருவது உண்டு.

கேள்வி: பட்டுப் பாவாடை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இங்கிலீஷில் "silk" என்று போட்டால்தானே தேடலில் வரும்?

வரும், வம்பும் கூடவே வரும். 650 ரூபாய் செட் அசல் பட்டு இல்லை என்பது இங்கே வாங்குபவருக்குத் தெரியும். இங்கிலீஷில் அந்தச் சொல் நூலின் பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதிமுறைப்படி வேறு நூலை அந்தப் பெயரால் விற்கக் கூடாது. அமெரிக்காவிலும் எந்த நூல் எத்தனை சதவீதம் என்று லேபிளில் சொல்ல வேண்டும். அதனால் "Pattu Pavadai" என்று உடுப்பின் பெயரைத் தலைப்பில் விட்டுவிடுங்கள், துணி வரியில் பாலியெஸ்டர் என்று ஒளிக்காமல் போடுங்கள். துணி எது என்று உங்களுக்கே சந்தேகமா? மொத்தக் கடை பில்லைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் ஓரத்து நூலைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு பொடியும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். கலப்பு நூலுக்கு இந்தச் சோதனை சரிவராது.

கேள்வி: அண்ணே, காசிமேட்டில் கருவாடு விற்கிறோம். சிங்கப்பூர் அனுப்ப இங்கிலீஷில் எப்படி எழுதணும்?

முதலில், நான் அண்ணன் இல்லை, அக்கா! அப்புறம், எழுதுவதற்கு முன்னால் அந்த நாட்டு உணவு இறக்குமதி விதியையும் கூரியர்காரர் கருவாட்டை எடுப்பாரா என்பதையும் விசாரியுங்கள். எழுத்து அதற்கப்புறம்தான். ஆனாலும் இங்கிலீஷ் விவரம் வீணாகாது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் திருவொற்றியூரில் இருக்கும் அம்மாவுக்காக அங்கிருந்தே பணம் கட்டி வாங்குவது உண்டு. "சென்னைக்குள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்" என்பதை அவர் கண்ணில் படும்படி இங்கிலீஷில் முதல் வரியிலேயே வையுங்கள். நெத்திலி தலையோடா, தலை நீக்கியதா, பாக்கெட்டில் எத்தனை கிராம் என்பதை இரண்டு மொழியிலும் போடுங்கள்.

கேள்வி: தேடல் சொல் போடும் இடத்தில் தமிழில் போட்டால் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடுகிறது. ஏதாவது வழி?

கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் தமிழ் நிறைய இடம் பிடிக்கும். "பட்டுப் பாவாடை" என்பதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு, நடுவில் உள்ள இடைவெளியோடு 14 வருகிறது. Etsy-யில் ஒரு டேக்குக்கு 20 தான், மொத்தம் 13 டேக். அமேசானின் மறைவுத் தேடல் சொற்களுக்குக் கணக்கு பைட்டில். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், அதனால் இதே சொல் 40 பைட் தின்கிறது. `pattu pavadai` என்று அடித்தால் 13. நான் அங்கே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ச் சொல்லைப் போடுவேன், `paavadai` போன்ற இன்னொரு எழுத்துக்கூட்டலையும் சேர்ப்பேன். தமிழ் எழுத்தை, இடத்துக்குப் பஞ்சமில்லாத விவரப் பகுதியில் தாராளமாகப் போடலாம். வாட்ஸ்அப் கேட்டலாக்கில் தமிழை முதலில் வையுங்கள்.

கேள்வி: உள்ளூருக்கு மட்டும் விற்கிறேன். தமிழில் மட்டும் போட்டால் தப்பா?

விவரம் தமிழில் இருக்கலாம். பாக்கெட்டில் அச்சிட வேண்டிய தகவல்கள், அதாவது தயாரித்தவர் பெயர், முகவரி, அளவு, எம்.ஆர்.பி. போன்றவை, 2011 பாக்கெட் பொருள் விதிகளின்படி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம்.

கேள்வி: தமிழில் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று மாற்றினேன், இங்கிலீஷில் மறந்துவிட்டேன். லண்டனிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் அவருக்கு இன்றே எழுதுங்கள்: தீர்ந்துவிட்டது, ராமர் பச்சையில் இதே அளவு இருக்கிறது, வேண்டுமா அல்லது பணத்தைத் திருப்பவா என்று. நிறத்தைப் பெயரால் மட்டும் சொல்லாமல் வெயிலில் எடுத்த படமும் அனுப்புங்கள். இனிமேலுக்கு, ஒவ்வொரு செட்டுக்கும் `PS-104-ARK` மாதிரி ஒரு குறியீடு கொடுத்து இரண்டு மொழிக்கும் அதையே போடுங்கள். ஒரே ஷீட்டில் ஒரு வரிசை, அதில் அளவு, துணி, ஸ்டாக், பக்கத்தில் தமிழ், இங்கிலீஷ் இரண்டு கட்டம். ஷீட்டைத் திருத்திய பிறகுதான் வெளியே திருத்த வேண்டும்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் நைட்டி விற்கிறேன். தமிழ் எழுத்தில் யாரும் தேடுவதில்லை. வேலை இரண்டு மடங்கு, பலன் இல்லை. நீங்கள் சும்மா வலியுறுத்துகிறீர்கள்.

தேடுவது குறைவு என்பதில் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். நிறையப் பேர் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஆனால் தேடிக் கண்டுபிடித்த பிறகு படிப்பது வேறு கதை. துணி சாயம் போகுமா, மாற்றித் தருவீர்களா என்பதைத் தமிழில் படித்துவிட்டு முடிவெடுப்பவர் உண்டு. உங்கள் சரக்குக்கு அது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. நன்றாக விற்கும் ஒரே நைட்டிக்கு மட்டும் ஒரு மாதம் தமிழ் விவரம் சேர்த்துப் பாருங்கள். "துணி என்ன, சைஸ் என்ன" என்று வரும் வாட்ஸ்அப் கேள்வி குறைகிறதா என்று எண்ணுங்கள். குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.