சிலபஸ் முழுவதையும் ஷீட்டில் போட்டு ரிவிஷனை டிராக் செய்வது உண்மையிலேயே உதவுமா, நேர விரயமா?

உதவும். ஆனால் ஒரு தலைப்பு எவ்வளவு தெரியும் என்று 1 முதல் 5 வரை நீங்களே போடும் நம்பிக்கை மதிப்பெண்ணை எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்களும் பாடத்தைப் படித்து முடித்த கையோடு 4 என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறவராகத்தான் இருப்பீர்கள். படித்த சூட்டில் எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும், அந்த 4-ஐ நம்பவே கூடாது.

என் தம்பிக்கு நான் ஷீட் போட்டுக் கொடுத்தபோது ஒரே ஒரு விதி வைத்தேன். நோட்டைத் திறப்பதற்கு முன்னால் வெறும் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். ஒன்றுமே வரவில்லை என்றால் 1, தடுமாறி வந்தால் 3, நிற்காமல் முழுசாக வந்தால் 5. தலைப்பு A, மதிப்பெண் B, கடைசியாகப் படித்த தேதி C. அடுத்த தேதி D-யில் தானாக வரும்:

```
=IF(OR(B2="",C2=""),"",C2+CHOOSE(B2,1,3,7,14,30))
```

D-யில் தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் வந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் பத்தியின் ஃபார்மேட்டைத் தேதியாக மாற்றினால் போதும்.

முதலில் அவன் 'நிகழ்தகவு' என்று ஒரே வரி போட்டு 4 கொடுத்திருந்தான். அதை நிபந்தனை நிகழ்தகவு, பேய்ஸ் தேற்றம், ஈருறுப்புப் பரவல் என்று உடைக்கச் சொன்னேன். பேய்ஸ் தேற்றத்துக்கு ஜூன் 2 அன்று 2 வந்தது, அடுத்த தேதி ஜூன் 5. அன்றைக்குத் தடுமாறி எழுதிவிட்டான், 3 போட்டதும் ஜூன் 12-க்குப் போனது. 12-ஆம் தேதி சூத்திரத்தில் கீழே என்ன வரும் என்றே நினைவில்லை. 1 போட்டான், மறுநாளே திரும்ப வந்து நின்றது. அந்த ஓட்டை ஒரே வரியாக இருந்தவரை அந்த 4-க்குள் ஒளிந்திருந்தது.

C-யில் `=TODAY()` போடாதீர்கள். தினமும் அது மாறும், கூடவே அடுத்த தேதியும் தள்ளிப்போகும், எந்தத் தலைப்புக்கும் அதன் முறை வரவே வராது. `Ctrl+;` அழுத்தினால் அன்றைய தேதி நிலையாக விழும். கையால் அடித்த தேதி கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால், ஷீட் அதை வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

"ஷீட் போடுற நேரத்துல ரெண்டு பாடம் படிக்கலாமே" என்று சிலர் வருவார்கள். கலர் அடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களைச் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன், இதில் நான்கு பத்திதான் இருக்கிறது. உண்மையில் நேரத்தைத் தின்றது வேறு. அவன் படித்த இடத்தில் சிலபஸை ஸ்கேன் செய்த படமாகக் கொடுத்திருந்தார்கள், ஒரு வரியைக்கூடக் காப்பி செய்ய முடியவில்லை. மாணவர்களுக்குக் கொடுப்பதை டைப் செய்த கோப்பாகவே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

ஒரே நாளில் நிறைய வரிகள் சேர்ந்துவிட்டால், D-யில் இன்று வரையுள்ள தேதிகளை மட்டும் ஃபில்டர் செய்து, B-யில் சின்ன எண்ணிலிருந்து தொடங்குங்கள். 5 வாங்கிய தலைப்பு இரண்டு நாள் காத்திருக்கும், 1 காத்திருக்காது.