உடனே கேட்பதா, பொறுப்பதா: சீட்டை எடுத்து வைத்திருக்கும் தம்பிக்கு

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது, திருப்பூரில் வேலை. கூட வேலை செய்யும் பெண்ணை ஒன்றரை வருஷமாகப் பிடித்திருக்கிறது, சொன்னதில்லை. அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். உடனே கல்யாணத்துக்குக் கேட்டுவிடட்டுமா என்று டாரோ சீட்டு எடுத்தேன். முதலில் எய்ட் ஆஃப் வாண்ட்ஸ், மறுபடி எடுத்தால் ஹேங்டு மேன், மூன்றாவது டூ ஆஃப் கப்ஸ். எதை நம்புவது?

தம்பி, நானும் பல வருஷமாகச் சீட்டு வைத்திருக்கிறேன். பெருந்துறையில் வீட்டுக்கு வரும் தோழிகளுக்கு எடுத்துப் பார்ப்பதுண்டு. அதனால் தூக்கிப் போடு என்று சொல்ல மாட்டேன். உன் மூன்று சீட்டையும் என் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்து வரிசையாக வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1909ல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட் கட்டு இது, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள். உன்னிடம் இருப்பதும் அநேகமாக இதுவோ, இதைப் பார்த்து வரைந்ததோதான்.

எய்ட் ஆஃப் வாண்ட்ஸ் என்றால் வேகம், வந்து சேரும் சேதி என்று சொல்வார்கள். "உடனே" என்று நீ எடுத்துக்கொண்டது அதனால்தான். படத்தை நன்றாகப் பார். எட்டுக் கோல்கள் வானத்தில் பறக்கின்றன, கீழே ஆறு ஓடுகிறது. ஒரு மனிதர்கூட இல்லை. அந்த அவசரம் யாருடையது என்று அதில் எழுதியிருக்காது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேட்ட நாளிலிருந்து உன் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதைத்தான் நீ அதில் பார்த்திருக்கிறாய்.

ஹேங்டு மேன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான், ஆனால் முகத்தில் வேதனை இல்லை. பொறு, வேறு பக்கமிருந்து பார் என்று பொருள். உனக்கு அது பிடிக்கவில்லை, மறுபடி எடுத்தாய். இங்கேதான் தப்பு, கண்ணு. பிடிக்கும்வரை எடுத்தால் பிடித்தது வரத்தான் செய்யும். நேராக வந்தால் "கேள்", தலைகீழாக வந்தால் "பொறு" என்று வைத்துக்கொண்டு, நன்றாகக் கலைத்து மூன்று தடவை எடுத்தால், ஒரு தடவையாவது "கேள்" என்று வர 8ல் 7 வாய்ப்பு. அதற்கும் அவள் மனசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

டூ ஆஃப் கப்ஸைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டிருப்பாய். ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நிற்கிறார்கள். எப்போது கேட்பது என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இல்லை. ஆனால் இரண்டு பேர் கையிலும் கிண்ணம் இருக்கிறது. உன் கேள்வியில் ஒருவர் கையில்தான் இருக்கிறது.

நம் பக்கம் கோயிலில் பூ கேட்பதைப் பார்த்திருப்பாய். எங்கள் அக்கா கல்யாணத்துக்குக் கேட்டபோது வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். அதற்கு முன்பே இரண்டு வீட்டாரும் பேசியாகிவிட்டது, அக்காவிடமும் கேட்டாகிவிட்டது. ஒரு தடவைதான் எடுத்தார்கள். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று சித்தப்பா கேட்டதற்கு ஆத்தா விடவே இல்லை. பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகு மனசு அமைதிக்காகக் கேட்டது அது. நீ பேசுவதற்குப் பதிலாகச் சீட்டை எடுக்கிறாய்.

சீட்டுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. அவளுக்கு இப்போது கல்யாணம் செய்ய விருப்பமா, வேறு யாரையாவது நினைத்திருக்கிறாளா என்று தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே கூட்டமா என்று தெரியாது. அப்படியிருந்தால் வீட்டில் பங்காளி முறை, அண்ணன் தங்கை என்றுதான் சொல்வார்கள். வேறு சாதி என்றால் அவள் வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும் என்பது உன்னைவிட அவளுக்குத்தான் தெரியும். அதனால் எடுத்தவுடனே "கல்யாணம் செய்துக்கலாமா" என்று கேட்காதே. பிடித்திருக்கிறது என்று மட்டும் முதலில் சொல். ஒன்றரை வருஷம் உன் மனசுக்குள் இருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியப்போகிறது. கம்பெனிக்குள் வேண்டாம், ஆள் முன்னாலும் வேண்டாம். அவள் நினைத்தால் எழுந்து போக முடிகிற இடமாக, ஒரு டீக்கடையோ பேக்கரியோ போதும். அங்கே, வீட்டில் பார்க்கிறார்களே, உனக்கு அதில் சம்மதமா என்று கேள். அவள் சம்மதம் என்றால் அதோடு விட்டுவிடு.

சீட்டு எடுத்தே ஆக வேண்டும் என்றால், போவதற்கு முந்தின ராத்திரி ஒன்றே ஒன்று எடு. கேட்கலாமா என்று கேட்காமல், "நான் எதற்குப் பயப்படுகிறேன்" என்று கேள். திருப்புவதற்கு முன்னால் எது வந்துவிடக் கூடாது என்று மனசு வேண்டுகிறதோ, அதை ஒரு தாளில் எழுதிக்கொள். வந்த சீட்டைவிட அந்த வரிதான் உனக்கு உதவும். அவளிடம் அதையே சொல்லலாம்.

யோசிக்க நாள் வேண்டும் என்றால் கொடு. அந்த நாட்களில் கை அரிக்கும், எனக்குத் தெரியும். அவள் பதில் சொல்லும்வரை சீட்டுக்கட்டைக் கூட்டாளி யாரிடமாவது கொடுத்து வை.