புதுப்பிப்புக்கு மண்டபத்தை மூடினால், முன்பதிவு என்ன ஆகும்?

"தஞ்சாவூரில் எங்கள் கல்யாண மண்டபத்தை ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை மூடி, சமையல்கூடம், தரை, ஏசி எல்லாம் மாற்றப் போகிறோம். ஆனியில் 3, ஆவணியில் 2 முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. 'நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் பதிவை ரத்து செய்யலாம்' என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறோம். வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு அட்வான்சைத் திருப்பி அனுப்பினால் போதுமா?"

போதாது. உங்களுக்கே அது ஆபத்து. ரசீது கொடுத்த அன்றே ஒப்பந்தம் உறுதியாகிவிட்டது. வாசல் நோட்டீஸ் அதை மாற்றாது. மூடுவது நீங்களாக எடுத்த முடிவு என்பதால், "நிறைவேற்ற முடியாமல் போய்விட்டது" என்று ஒப்பந்தச் சட்டம் 56-ஆம் பிரிவின் பின்னால் ஒளியவும் முடியாது. கேட்காமலே அட்வான்சை அனுப்பிவைத்தால், 39-ஆம் பிரிவு சொல்லும் 'நிறைவேற்ற மறுத்தல்' அதுதான் என்று வாதிட எதிர்த்தரப்புக்கு நீங்களே சான்று கொடுத்தவர் ஆவீர்கள். அந்த ரசீது வாசகத்தையும் நம்பாதீர்கள். நியாயமான காரணமின்றி ஒருதலையாக ரத்து செய்யும் உரிமையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற ஒப்பந்தத்தின் அடையாளமாகவே சொல்கிறது. கல்யாண வீட்டார் வெளியூர்க்காரர் என்றால் அவர்கள் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று பாருங்கள். வாடகை 1,20,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000 என்று வைப்போம். அதே முகூர்த்தத்துக்கு அதே தரத்தில் அவர்களுக்குக் கிடைத்த மண்டபம் 1,70,000. அப்படியானால் அட்வான்சோடு கூடுதலாகச் செலவான 50,000-ஐயும் ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின்படி கேட்பார்கள். பத்திரிகை அடித்து முடித்திருந்தால் மறு அச்சுச் செலவும் சேரும். எவ்வளவு தாமதமாகச் சொல்கிறீர்களோ, அவ்வளவு இந்தத் தொகை ஏறும்.

எனவே முதல் வேலை நோட்டீஸ் எழுதுவது அல்ல, தேதியை நகர்த்துவது. ஆனியின் கடைசிப் பதிவு முடிந்த மறுநாள் வேலையைத் தொடங்குங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடி முழுவதும் கையில் கிடைக்கும். சமையல்கூடமும் தரையும் அதற்குள் முடியட்டும், ஏசி வேலை மார்கழிக்குப் போகட்டும். இப்படிச் செய்தால் ஆனிப் பதிவு மூன்றும் தப்பிவிடும். ஆவணியில் உள்ள இரண்டுதான் கவலை. தரை வேலை இழுத்துக்கொண்டே போவது வழக்கம் என்பதால், கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் முடிக்கும் தேதியையும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நியாயமான ஒரு தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்த பிறகும் ஆவணித் தேதிகள் உறுதியில்லை என்றால், அந்த இருவருக்கும் தனித்தனியே, ரசீதில் உள்ள பெயருக்கே, கடிதம் போக வேண்டும்:

"ரசீது எண் ___, ___ தேதி முகூர்த்தம். எங்கள் மண்டபத்தில் தரை, சமையல்கூடப் பணிகள் ___ முதல் ___ வரை நடக்கின்றன. தங்கள் தேதிக்குள் முடியாமல் போக வாய்ப்பு உள்ளது. தாங்கள் விரும்பினால்: (1) அதே நாளில் வேறு மண்டபம் நாங்கள் ஏற்பாடு செய்து, வாடகை வித்தியாசத்தை ஏற்கிறோம், (2) எங்கள் மண்டபத்திலேயே வேறு தேதி, பழைய வாடகைக்கே, (3) அட்வான்ஸ் முழுவதும், இழப்பீடாக ரூ. ___-ம், 7 நாளில். தாங்கள் எழுத்தில் சம்மதிக்கும் வரை தற்போதைய பதிவு அப்படியே நீடிக்கும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கல்யாண வீட்டாரைப் பதற்றப்படாமல் பேச வைப்பதும், மறுத்தவர் நீங்கள் என்ற வாதத்தைத் தடுப்பதும் அதுதான். "10 நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்வோம்" என்று மட்டும் எழுத வேண்டாம், மௌனம் சம்மதமாகாது. கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போட்டு, நேரில் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப் பதிலை நீதிமன்றத்தில் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும் என்பதால் அந்த போனை மாற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது வழியை எடுப்பவரிடம் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கலாம். ஆனால் அதை இழப்பீட்டுத் தொகையோடு மட்டும் இணையுங்கள். அட்வான்ஸ் எப்படியும் அவர் பணம், அதைப் பிடித்துவைத்துக்கொண்டு கையெழுத்து கேட்பது பின்னால் உங்களுக்கு எதிராகவே திரும்பும். ஜிஎஸ்டி வசூலித்திருந்தால் ரீஃபண்ட் வவுச்சரும் கொடுங்கள்.

வாசல் போர்டு கடைசியாகத்தான். "மறு அறிவிப்பு வரும் வரை மூடப்பட்டுள்ளது" என்று வைத்தால், தை மாதத்துக்குப் பதிவு செய்தவர்கள்கூட அட்வான்சைத் திருப்பிக் கேட்க வருவார்கள். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பது உண்மையும் இல்லை. இப்படி வையுங்கள்: "புதுப்பிப்புப் பணி ___ முதல் ___ வரை. ஏற்கெனவே செய்த பதிவுகள் தொடர்கின்றன. புதிய பதிவுகளுக்கு அலுவலகம் காலை 10 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும்." திறக்கும் தேதியாக, கான்ட்ராக்டர் சொல்வதற்கு 15 நாள் தள்ளிய தேதியைப் போடுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய எந்த நாளுக்கும் புதிய அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.