இருமியதும் பிடித்துக்கொண்ட முதுகு

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. பத்து நாளைக்கு முன்பு பலமாக இருமியபோது நடுமுதுகில் சுரீர் என்றதாம். அன்றிலிருந்து எழுந்து உட்காரவே அலறுகிறார். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, முறிவு இல்லை, பிடிப்புதான் என்றார்கள். சுளுக்கு வழிப்பவரைக் கூப்பிடலாமா? ஆஸ்துமாவுக்காகப் பல வருடமாக அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்.
- வாசகி, ராஜபாளையம்

பதில்: தயவுசெய்து கூப்பிடாதீர்கள். தைலம் தடவி முதுகை அழுத்துவது, காலால் மிதிப்பது எதுவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், முதுகெலும்புக் கட்டை ஒன்று உள்ளுக்குள் நசுங்கியிருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

ஒரு விஷயத்தை வீட்டிலேயே கவனியுங்கள். அசையாமல் படுத்திருக்கும்போது வலி பெருமளவு அடங்கி, புரளும்போதும் எழும்போதும் நிற்கும்போதும் உயிர் போவதுபோல் வருகிறதா? அப்படியானால் எலும்பின் மீதுதான் சந்தேகம். எலும்பு மெலிந்துபோனவர்களுக்கு இருமல், தும்மல், குனிந்து குடத்தை நகர்த்துவது, கட்டிலிலிருந்து சறுக்கி உட்கார்ந்துவிடுவது என்று இவ்வளவே போதும். கட்டையின் முன்பக்கம் நசுங்கி, பின்பக்கம் அப்படியே நின்று, ஆப்பு மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் பாருங்கள், அம்மாவின் நைட்டி சமீபகாலமாக முன்பக்கம் தரையில் இழுபடுகிறதா, முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டவில்லையா? உயரம் குறைந்திருந்தால், வலியே தெரியாமல் முன்பும் ஒன்றிரண்டு கட்டைகள் நசுங்கியிருக்கலாம்.

சரி, எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? எடுத்தது எது என்று பாருங்கள். இருமல் என்று போனதால் நெஞ்சுக்கு முன்பக்கப் படம் மட்டும் எடுத்திருந்தால் அதில் இது எளிதில் தப்பிவிடும். முதுகெலும்பைப் பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். அதுவும் ஆரம்ப நாட்களில் சரியாகவே தெரியலாம், எலும்பு இன்னும் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் வடிவம் மாறும். வலி இப்படியே இருந்தால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். நசுங்கல் புதிதா பழையதா, காரணம் எலும்பு மெலிவா அல்லது காசநோயோ புற்றுநோய்க் கட்டியோ என்பதைப் பிரித்துப் பார்க்க அது பெரிதும் உதவும். காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கால் பலவீனமாவது, மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

என்னிடம் வந்த 76 வயது அம்மா ஒருவர் அரிசிப் பானையைக் குனிந்து நகர்த்தியபோது இதே மாதிரி பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் வலி மாத்திரையும் படுக்கையுமாகக் கழிந்த பிறகுதான் பக்கவாட்டுப் படம் எடுத்தார்கள். மார்பு முதுகெலும்பின் கடைசிக் கட்டை, டி-12, முன்பக்கம் பாதியாக இறங்கியிருந்தது. பெல்ட் போட்டு, மெல்ல நடந்து, இரண்டரை மாதத்தில் வலி போயிற்று. எல்லோரும் நிம்மதியாகி அத்தோடு விட்டுவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து பாத்ரூமில் லேசாகச் சறுக்கியதில் அதற்கு அடுத்த கட்டையும் போனது. எனக்கு இன்றும் மனசு ஆறாத இடம் அதுதான். ஒரு கட்டை நசுங்கிய பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று நசுங்குகிறது. வலி தானாகவே ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அடங்கிவிடும், எலும்பு மெலிவு தானாக அடங்காது.

அதனால் டாக்டரிடம் எலும்புக்கு என்ன மருந்து என்று கட்டாயம் கேளுங்கள். கால்சியம் மாத்திரை மட்டும் இதற்குப் போதாது. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் உண்டு, ஆனால் வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும், இப்போது உட்காரவே முடியாத உங்கள் அம்மாவுக்கு அது சிரமம். வருடத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட் இருக்கிறது, அதற்கு முன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றும் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். கட்டைகள் நிறைய நசுங்கியிருந்தால் தினமும் போடும் டெரிபராடைடு ஊசியைச் சொல்லலாம்.

வலிக்கு பாரசிட்டமாலில் ஆரம்பிப்பது நல்லது. கடையில் நீங்களே வேறு வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள், இந்த வயதில் அது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும், ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு மூச்சையும் இழுத்துவிடும். சில நாள் ஓய்வு போதும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிடுங்கள். எழும்போது நேராகத் தூக்கி உட்காரவைக்காமல், முதலில் உடம்பை மரக்கட்டை மாதிரி மொத்தமாகப் பக்கவாட்டில் உருட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வராமல் பாருங்கள், முக்கினாலும் வலிக்கும்.

அந்த ஸ்டீராய்டுதான் எலும்பை இவ்வளவு அரித்திருக்கக்கூடும். ஆனாலும் பயந்துபோய் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து. பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், எவ்வளவு நாள், எத்தனை மில்லிகிராம் சாப்பிட்டார் என்று எலும்பு டாக்டரிடமும் நுரையீரல் டாக்டரிடமும் காட்டுங்கள்.